112 எப்போது 202 ஆகும்?

கும்பகோணத்திலிருந்து டொராண்டோவில் இருக்கும் மகள் வீட்டுக்கு நான்கு மாதம் போய்த் தங்கும் ஓர் அம்மாவை எடுத்துக்கொள்வோம். பல வருடங்களாகச் சர்க்கரை நோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறவர். வெறும் வயிற்றில் ஒன்று, சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து ஒன்று என்று மீட்டரில் பார்த்து நோட்டில் எழுதிவைக்கும் பழக்கம் உள்ளவர். ஊரிலிருந்து கொண்டுபோன ஸ்ட்ரிப் தீர்ந்துவிடுகிறது. அந்த மீட்டருக்கான ஸ்ட்ரிப் அங்கே கிடைப்பதில்லை. மகள் பக்கத்து மருந்துக் கடையில் கனடா மீட்டர் ஒன்றை வாங்கித் தருகிறாள். நோட்டு பழையதே, மீட்டர்தான் புதிது. அதன் பிறகு அந்தப் பட்டியல் இப்படி ஆகிறது:

| தேதி | வெறும் வயிறு | சாப்பிட்ட பின் |
|---|---|---|
| ஜூன் 3 | 118 | 172 |
| ஜூன் 4 | 124 | (பார்க்கவில்லை) |
| ஜூன் 8 | 7.4 | 10.9 |
| ஜூன் 9 | 6.7 | 112 |

முதல் இரண்டு நாள் எண்கள் ஊர் மீட்டர் காட்டியவை. அடுத்த இரண்டு நாள் எண்கள் கனடா மீட்டர் காட்டியவை. ஜூன் 9 அன்று சாப்பிட்ட பிறகு மீட்டர் காட்டியது 11.2. எழுதும்போது புள்ளி விடுபட்டு 112 ஆகிவிட்டது. நம் ஊர்க் கணக்கில் 11.2 என்பது 202. நோட்டைப் பார்க்கிறவருக்கோ 112 என்பது மிக நல்ல அளவாகத் தெரியும்.

இந்த ஏழு எண்களையும் ஒழுங்காக ஒரே கணக்குக்குக் கொண்டுவருவது எப்படி என்பதுதான் இந்தக் கட்டுரை. பெருக்கல் எளிது. எந்த எண் எந்தக் கணக்கைச் சேர்ந்தது என்று தெரியாமல் பெருக்குவதில்தான் ஆபத்து இருக்கிறது.

18 எங்கிருந்து வருகிறது?

இந்திய மீட்டரின் திரையில் எண்ணுக்குப் பக்கத்தில் சிறிய எழுத்தில் mg/dL என்றிருக்கும். ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில், அதாவது 100 மில்லிலிட்டரில், எத்தனை மில்லிகிராம் குளுக்கோஸ் இருக்கிறது என்பதை அது சொல்கிறது. கனடா மீட்டரில் mmol/L என்றிருக்கும். ஒரு லிட்டர் ரத்தத்தில் எத்தனை மில்லிமோல் குளுக்கோஸ் என்று பொருள். அரிசியை எடை போட்டு வாங்குகிறோம், தேங்காயை எண்ணி வாங்குகிறோம் அல்லவா? முதல் அலகு குளுக்கோஸை எடை போடுகிறது, இரண்டாவது அதன் மூலக்கூறுகளை எண்ணுகிறது. மூலக்கூறுகளை ஒவ்வொன்றாக எண்ண முடியாது என்பதால் வேதியியலில் அவற்றை மோல் என்ற பெருங்கட்டாக எண்ணுகிறார்கள். அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு மில்லிமோல்.

எடைக்கும் எண்ணிக்கைக்கும் பாலம் போட, ஒரு கட்டின் எடை தெரிந்தால் போதும். குளுக்கோஸ் மூலக்கூறில் 6 கார்பன், 12 ஹைட்ரஜன், 6 ஆக்சிஜன் அணுக்கள் இருக்கின்றன. கார்பனின் அணு எடை 12, ஹைட்ரஜனுக்கு 1, ஆக்சிஜனுக்கு 16. ஆறு பன்னிரண்டு 72, அதோடு 12, அதோடு ஆறு பதினாறு 96. மொத்தம் 180. ஆகவே ஒரு மில்லிமோல் குளுக்கோஸின் எடை 180 மில்லிகிராம். ஒரு லிட்டரில் 180 மில்லிகிராம் என்றால், லிட்டரில் பத்தில் ஒரு பங்கான டெசிலிட்டரில் 18 மில்லிகிராம். எனவே கனடா எண்ணை 18ஆல் பெருக்கினால் இந்திய எண் வரும். இந்திய எண்ணை 18ஆல் வகுத்தால் கனடா எண் வரும்.

துல்லியமாகச் சொன்னால் அந்த எண் 18.0156. அந்தச் சிறு பின்னத்துக்காகக் கவலைப்பட வேண்டியதில்லை. அதை விட்டுவிடுவதால் வரும் வித்தியாசம் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. வீட்டு மீட்டர்களுக்கான ஐ.எஸ்.ஓ. தரவிதியோ, 100க்கு மேற்பட்ட அளவுகளில் நூற்றுக்கு 15 பங்கு வரை கூடவோ குறையவோ இருக்க மீட்டருக்கு இடம் தருகிறது.

காகிதமும் கால்குலேட்டரும் கையில் இல்லாதபோது ஒரு சுருக்கு வழி உண்டு. 18 என்பது 20இல் 2 குறைவு. அதனால் எண்ணை இரட்டிப்பாக்கி, அதில் பத்தில் ஒரு பங்கைக் கழித்து, பத்தால் பெருக்கினால் போதும். 7.4ஐ இரட்டித்தால் 14.8. அதில் பத்தில் ஒரு பங்கு ஏறத்தாழ 1.5. கழித்தால் 13.3. பத்தால் பெருக்கினால் 133. எதிர்த்திசையில் போக, முதலில் பாதியாக்கி, பிறகு 9ஆல் வகுக்கலாம். 126இல் பாதி 63, அதை 9ஆல் வகுத்தால் 7. வெறும் வயிற்றில் சர்க்கரை நோய் என்று தீர்மானிக்கும் எல்லை இதுதான். இந்தியாவில் 126 என்றும் கனடாவில் 7.0 என்றும் எழுதுகிறார்கள்.

ஏன் இரண்டு அலகுகள்?

மருத்துவத்திலும் அனைத்துலக அலகு முறையையே பின்பற்ற வேண்டும் என்று உலக சுகாதாரப் பேரவை 1977இல் பரிந்துரைத்தது. அந்த முறையில் ரத்தத்தில் கரைந்திருக்கும் பொருளை மோல் கணக்கில் சொல்வார்கள். பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா, மலேசியா, சிங்கப்பூர், நார்வே, சுவிட்சர்லாந்து ஆகிய நாடுகளில் மில்லிமோல் வழக்கில் இருக்கிறது. அமெரிக்காவும் ஜப்பானும் இந்தியாவும் மில்லிகிராமிலேயே நின்றுவிட்டன. ஜெர்மனியில் மேற்குப் பகுதியில் மில்லிகிராமும், பழைய கிழக்கு ஜெர்மனிப் பகுதியில் மில்லிமோலும் புழங்குகின்றன. பிரான்சில் ஆய்வுக்கூட அறிக்கைகள் லிட்டருக்கு இத்தனை கிராம் என்றும் தருவது உண்டு. நம் 126 அங்கே 1.26 என்று வரும். அதை மில்லிமோல் என்று நினைத்து 18ஆல் பெருக்கினால் 23 கிடைக்கும், உயிருக்கே ஆபத்தான தாழ்சர்க்கரை போலத் தோன்றும்.

தமிழர்கள் பெருமளவில் வாழும் நாடுகள் இந்தப் பிரிவினையின் இரு பக்கமும் இருக்கின்றன. பிள்ளைகளைப் பார்க்கப் போய்வரும் பெற்றோரின் நோட்டில் இரண்டு அலகும் கலந்துவிடுவதற்கு அதுதான் காரணம்.

கலந்த பட்டியல் சொல்லும் பொய்

மேலே உள்ள பட்டியலைக் கணினியில் ஏற்றி, வெறும் வயிற்று எண்களின் சராசரியைக் கேட்டால் என்ன வரும்? 118, 124, 7.4, 6.7 ஆகிய நான்கையும் கூட்டினால் 256.1. நான்கால் வகுத்தால் 64. கணினி எந்த எச்சரிக்கையும் தராது. 64 என்பது நம்ப முடியாத எண்ணும் அல்ல. 70க்குக் கீழே போனால் தாழ்சர்க்கரை என்பது விதி. ஆகவே இந்த அம்மாவுக்குச் சர்க்கரை அடிக்கடி இறங்கிவிடுகிறது, மாத்திரையைக் குறைக்க வேண்டுமோ என்று தோன்றும். உண்மையில் 7.4 என்பது 133, 6.7 என்பது 121. ஒரே அலகுக்குக் கொண்டுவந்தால் சராசரி 124. கர்ப்பிணிகள் அல்லாத பெரியவர்களில் பெரும்பாலோருக்குச் சாப்பாட்டுக்கு முன் 80 முதல் 130 வரை இருக்கலாம் என்கிறது அமெரிக்க நீரிழிவு சங்கத்தின் வழிகாட்டுதல். அதற்குள்தான் இருக்கிறார்.

சாப்பிட்ட பிறகான எண்களில் நடப்பது இதற்கு நேர்மாறு. 10.9ஐ 196 என்று சரியாக மாற்றிவிட்டு, 112ஐ மில்லிகிராம் என்று நம்பி அப்படியே விட்டுவிட்டதாக வைத்துக்கொள்வோம். 172, 196, 112 மூன்றின் சராசரி 160. உணவுக்குப் பின் 180க்குக் கீழே என்பது அதே வழிகாட்டுதலின் இலக்கு. எனவே எல்லாம் சரியாக இருப்பதுபோலத் தெரியும். அந்த 112ஐ 202 என்று திருத்தினால் சராசரி 190 ஆகிறது, இலக்கைத் தாண்டிவிடுகிறது. ஒரு புள்ளி விட்டுப்போனதால், சாப்பிட்ட பிறகு சர்க்கரை ஏறுகிறது என்ற செய்தியே காணாமல் போகிறது.

புள்ளி விடுபடுவது கற்பனையான ஆபத்து அல்ல. அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் 2005இல் இதைப் பற்றியே ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. அப்போது விற்பனையில் இருந்த சில மீட்டர்களில், தேதியும் நேரமும் திருத்தும்போது கைதவறி அலகும் மாறிவிடக்கூடிய நிலை இருந்தது. பார்க்கிறவர் திரையில் உள்ள சிறு புள்ளியைக் கவனிக்காமல் எண்ணைத் தவறாகப் புரிந்துகொள்ள வாய்ப்புண்டு என்பதுதான் கவலை. இப்போது கடையில் கிடைக்கும் மீட்டர்களில் பெரும்பாலும் அலகைத் தொழிற்சாலையிலேயே நிலையாக அமைத்துவிடுகிறார்கள். ஆனால் கைப்பேசிச் செயலிகளில் அலகை மாற்றும் அமைப்பு இன்னமும் பரவலாக இருக்கிறது.

அளவைப் பார்த்து அலகை ஊகிக்கலாமா?

பலரும் செய்வது இதுதான். சிறிய எண்ணாக, புள்ளியோடு இருந்தால் மில்லிமோல், பெரிய முழு எண்ணாக இருந்தால் மில்லிகிராம். நூற்றுக்குப் பெரும்பாலான நேரங்களில் இது சரியாகவே வரும். கைவிடும் இடங்கள் இரண்டு. ஒன்று, நாம் பார்த்த 112. அது பெரிய முழு எண்ணாக இருப்பதால் ஊகம் அதை மில்லிகிராம் என்றே எடுத்துக்கொள்ளும், பிழை சத்தமில்லாமல் உள்ளே போய்விடும்.

இரண்டாவது இன்னும் மோசமானது. வீட்டு மீட்டர்கள் பெரும்பாலும் 20 முதல் 600 மில்லிகிராம் வரை அளக்கும். மில்லிமோலில் அது 1.1 முதல் 33.3 வரை. இரண்டு வரம்புகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், 20க்கும் 33க்கும் நடுவில் உள்ள எண் எந்த அலகிலும் வரலாம் என்பது புரியும். நோட்டில் 24 என்று மட்டும் இருக்கிறது. மில்லிகிராமில் 24 என்றால் உயிருக்கு ஆபத்தான தாழ்சர்க்கரை, உடனே குளுக்கோஸ் தேவை. மில்லிமோலில் 24 என்றால் 432, மிக உயர்ந்த சர்க்கரை, அப்போது குளுக்கோஸ் கொடுப்பது நிலைமையை மோசமாக்கும். எண் ஒன்றுதான், தேவைப்படும் சிகிச்சை ஒன்றுக்கொன்று எதிரானது. இந்த இடைவெளியில் ஊகத்துக்கு இடமே இல்லை. அந்த நேரத்தில் நோட்டை நம்பாமல் மீண்டும் ஒருமுறை மீட்டரில் பார்க்க வேண்டும்.

ஆகவே அலகு என்பது பிறகு யோசித்துக் கண்டுபிடிக்கிற விஷயமாக இருக்கக் கூடாது. எண்ணை எழுதும் அந்த நிமிடத்திலேயே, மீட்டரைப் பார்த்து அதையும் சேர்த்து எழுதிவிட வேண்டும்.

பட்டியலை அமைக்கும் விதம்

நோட்டாக இருந்தாலும் கணினியாக இருந்தாலும் வரிசை ஒன்றே. தேதி, நேரம், மீட்டர் காட்டிய எண், அலகு, மீட்டரின் பெயர் ஆகியவற்றுக்குத் தனித்தனிப் பத்திகள். மாற்றிய எண்ணுக்கு வேறொரு பத்தி. கணினி விரிதாளில் A பத்தியில் தேதி, B பத்தியில் நேரம், C பத்தியில் மீட்டர் காட்டிய எண், D பத்தியில் அலகு என்று வைத்துக்கொள்வோம். E பத்தியில் எல்லா எண்களும் மில்லிகிராமில் வர இந்தச் சூத்திரம் போதும்:

```
=IF(D2="mg/dL", C2, IF(D2="mmol/L", C2*18, "அலகு?"))
```

அலகு மில்லிகிராம் என்றால் எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளும், மில்லிமோல் என்றால் 18ஆல் பெருக்கும். அலகு எழுதாமல் விட்டிருந்தால் எந்த எண்ணையும் தராமல் கேள்வி கேட்கும். தெரியாததைத் தெரிந்ததுபோல் காட்டாமல் இருப்பதுதான் இந்தச் சூத்திரத்தின் சிறப்பு.

அடுத்த F பத்தியில் ஒரு காவல் சூத்திரம்:

```
=IF(OR(AND(D2="mmol/L",C2>33.3), AND(D2="mg/dL",C2<20)), "பார்க்க", "")
```

இப்போது ஜூன் 9ஆம் தேதி வரிக்கு வாருங்கள். அந்த அம்மா 112 என்று புள்ளியில்லாமல் எழுதி, பக்கத்தில் மீட்டரைப் பார்த்து mmol/L என்றும் எழுதிவிட்டார். E பத்தியில் 2016 என்ற விபரீத எண் வரும். F பத்தியில் ‘பார்க்க’ என்று வரும். மீட்டரின் நினைவகத்தைத் திறந்து அந்தத் தேதியைத் தேடினால் 11.2 கிடைத்துவிடும். வெறும் ஊகத்தில் தப்பித்துப்போன அதே பிழை, அலகுப் பத்தி இருந்ததால் பிடிபடுகிறது.

வீட்டு மீட்டர் அளக்கும் எல்லைக்கு வெளியே போனால் எண்ணுக்குப் பதில் LO அல்லது HI என்று காட்டும். அதை 20 என்றோ 600 என்றோ மாற்றி எழுதக் கூடாது, திரையில் வந்த எழுத்தையே எழுத வேண்டும். ஐரோப்பாவில் இருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். நார்வேயிலும் ஜெர்மனியிலும் புள்ளிக்குப் பதில் காற்புள்ளி போட்டு 7,4 என்று எழுதுவது வழக்கம். புள்ளி முறையில் அமைந்த விரிதாள் அதை எண்ணாக எடுத்துக்கொள்ளாமல் போகலாம்.

மாற்றியதைத் திரும்ப மாற்றாதீர்கள்

மாற்றிய எண்ணைத் தனிப் பத்தியில் வைக்கச் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. மில்லிமோல் எண்ணைப் புள்ளிக்குப் பின் ஓர் இலக்கத்தோடு எழுதுகிறோம். 5.5க்கும் 5.6க்கும் நடுவில் உள்ள 0.1 என்ற சிறு படி, மில்லிகிராமில் 1.8க்குச் சமம். அதனால் போய் வரும்போது ஒட்டாது. 100ஐ 18ஆல் வகுத்தால் 5.56, அதை 5.6 என்று எழுதுவோம். அந்த 5.6ஐ மறுபடியும் 18ஆல் பெருக்கினால் 100.8, அதாவது 101. இதேபோல் 71 என்பது 3.9 ஆகித் திரும்பும்போது 70 ஆகிவிடும். சிகிச்சைக்கு இந்த வித்தியாசம் பொருட்டல்ல. ஆனால் பழைய எண்ணை அழித்துவிட்டு மாற்றியதை எழுதினால், மீட்டரின் நினைவகத்தோடு ஒப்பிடும்போது எந்த வரியும் பொருந்தாது, எது பிழை எது உருண்டை எண் என்றும் தெரியாது. மீட்டர் காட்டியது அப்படியே இருக்கட்டும். எப்போது மாற்றினாலும் அந்த மூல எண்ணிலிருந்தே மாற்றுங்கள். சராசரியையும் முழுமையாக்காத எண்களிலிருந்து கணக்கிட்டு, கடைசியில் ஒருமுறை மட்டும் முழுமையாக்குங்கள்.

18 செல்லாத இடங்கள்

இதே நோட்டில் வேறு பரிசோதனை முடிவுகளையும் எழுதுகிறவர்கள் உண்டு. 18 என்பது குளுக்கோஸின் எடையிலிருந்து பிறந்த எண், குளுக்கோஸுக்கு மட்டுமே செல்லும். கொலஸ்ட்ராலின் மூலக்கூறு கனமானது, அதற்கு 38.67. இந்தியாவில் 200 என்று வரும் கொலஸ்ட்ரால் கனடாவில் 5.2 என்று வரும்.

அதிகம் குழப்புவது ஹெச்பிஏ1சி. மூன்று மாதச் சர்க்கரையின் போக்கைச் சொல்லும் இந்தப் பரிசோதனையை நம் ஊரில் சதவீதத்தில் தருகிறார்கள். பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் mmol/mol என்ற அலகிலும் வரும். பார்க்க mmol/L போலவே இருந்தாலும் தொடர்பில்லாதது. சதவீதத்திலிருந்து 2.15ஐக் கழித்து 10.93ஆல் பெருக்கினால்தான் அந்த எண் கிடைக்கும். நம் 7 சதவீதம் அங்கே 53. பிரிட்டனில் இருக்கும் உறவினர் ‘எனக்கு 53’ என்று தொலைபேசியில் சொன்னால், சர்க்கரை இறங்கிவிட்டது என்று பதற வேண்டாம். ஹெச்பிஏ1சியைச் சொல்கிறார்.

இன்சுலின் போடுகிறவர்களுக்கு இன்னும் ஒன்று. ‘180க்கு மேல் ஒவ்வொரு 50க்கும் ஒரு யூனிட் கூட்டுங்கள்’ என்று மருத்துவர் எழுதித் தந்திருந்தால், அதிலுள்ள 180ம் 50ம் மில்லிகிராம் எண்கள். மில்லிமோலில் அவை 10.0, 2.8. மீட்டர் மாறும்போது இந்தக் குறிப்பும் மாற வேண்டும். அதை வீட்டிலேயே கணக்குப் போட்டுக்கொள்ளாமல், புறப்படும் முன்பே மருத்துவரிடம் இரண்டு அலகிலும் எழுதி வாங்கிக்கொள்வது நல்லது.

அலகு மாறினாலும் மீட்டர் வேறுதான்

எல்லாவற்றையும் சரியாக மாற்றிய பிறகும் ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. ஊரில் 118ம் 124ம் காட்டிய வெறும் வயிற்று அளவு டொராண்டோவில் 133 ஆனது. பயணமா, சாப்பாடா, குளிரா காரணம்? ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம். முன்பு சொன்ன 15 சதவீத இடம் ஒவ்வொரு மீட்டருக்கும் உண்டு. ஒரே துளி ரத்தத்தில் ஒரு மீட்டர் 124 காட்டி மற்றொன்று 133 காட்டினால் இரண்டுமே விதிக்கு உட்பட்டவைதான். அலகு மாற்றும் கணக்கு இந்த வேற்றுமையைத் தொடாது.

அதனால்தான் பட்டியலில் மீட்டரின் பெயருக்கும் ஒரு பத்தி கேட்டேன். பழைய ஸ்ட்ரிப் இரண்டு மூன்று மிச்சம் இருக்கும்போதே, ஒரே விரலிலிருந்து அடுத்தடுத்து இரண்டு மீட்டரிலும் பார்த்து, இரண்டு எண்களையும் ஒரே நேரத்தைக் குறித்து அடுத்தடுத்த வரிகளில் எழுதிவையுங்கள். ஊர் திரும்பி மருத்துவரிடம் நோட்டைக் காட்டும்போது, சர்க்கரை உண்மையிலேயே ஏறியதா, மீட்டர் மாறியதால் ஏறியதுபோல் தெரிகிறதா என்பதை அந்த இரண்டு வரிகளை வைத்து அவரால் எடைபோட முடியும்.